உச்சி வெயிலில் பதிவான 3.6 மில்லிமீட்டர் மழை

மழை அளவை வைத்துப் பணம் தரும் பயிர்க் காப்பீட்டில் "இழப்பீடு: பூஜ்யம்" என்று செய்தி வந்தால், தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. நிலக்கடலை விழுது இறங்கும் நேரத்தில் கிட்டத்தட்ட நாலு வாரம் ஒரு சொட்டு மழை இல்லை. மண் இறுகிப்போய் விழுதெல்லாம் மேலேயே காய்ந்து நிற்கிறது, இவர்கள் என்னடாவென்றால் இடையில் மழை பெய்திருக்கிறது என்கிறார்கள்.

பதிவு செய்தது, பிரீமியம் கட்டியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்த கதை, அதை விடுங்கள். நிபந்தனைத் தாளில் வறட்சிக்கான பகுதி இப்படி இருந்தது: ஒரு நாளில் 2.5 மி.மீ.க்குக் குறைவாகப் பெய்தால் அது வறண்ட நாள். குறிப்பிட்ட தேதிகளுக்குள் தொடர்ச்சியாக 18 வறண்ட நாள் வந்தால் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், 23 நாள் என்றால் 45 சதவீதம், 28 நாள் என்றால் முழுத் தொகை. "தொடர்ச்சியாக" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு நாள் 2.5 மி.மீ. தாண்டினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

என் வயலில் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வைத்திருக்கிறேன், தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதுவேன். அதன்படி 26 நாள் சுத்தமாக வறட்சி, அதாவது 45 சதவீதம் வந்திருக்க வேண்டும். என் நோட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஒரு நாளும் ஏற்காது, ஒப்பந்தத்தில் பெயர் போட்டிருக்கும் தானியங்கி வானிலை நிலையம் சொல்வதுதான் கணக்கு. ஆனாலும் எந்தத் தேதியில் சண்டை போட வேண்டும் என்று காட்டுவதற்கு அந்த நோட்டை விட்டால் வேறு வழியில்லை. ஒன்று மட்டும் கவனம்: காலையில் அளக்கும்போது நேற்றைய மழை இன்றைய தேதியில் விழும். அவர்கள் பட்டியல் எந்த நேரத்திலிருந்து நாளைத் தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

கிளை அலுவலகத்துக்குப் போனால் அங்கிருந்தவர் முதல் வேலையாக, "பயிர் சேதச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, வயல் போட்டோவும் வேணும்" என்றார். வயலைப் பார்க்காமலே பணம் தருவதுதானே இந்தக் காப்பீட்டின் அடிப்படையே! அதைச் சொல்லியும் கேட்கவில்லை. சரி என்று சான்றிதழுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தால், அடுத்த முறை அதே மேசையில் இன்னொருவர் இருந்தார். "இதுக்கு இதெல்லாம் தேவையே இல்லையே" என்று காகிதங்களைத் திருப்பித் தள்ளினார். உங்களிடமும் யாராவது போட்டோ, சான்றிதழ் கேட்டால், நிபந்தனைத் தாளில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, உங்கள் நிலையத்தின் தினசரி மழைப் பட்டியல். இரண்டாவது, தகராறுள்ள நாளின் 15 நிமிடப் பதிவு, வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்த்து. இந்த இரண்டாவதைத்தான் லேசில் தரமாட்டார்கள். "டேட்டா எங்களது இல்லை, நிலையத்தை நடத்துபவர்களுடையது" என்பார்கள். இருக்கட்டும், அதை வைத்துத்தானே கணக்குப் போட்டீர்கள், அதைத் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தினசரிப் பட்டியலில் என் 13-ஆவது நாளில் 3.6 மி.மீ. என்று இருந்தது. முன்னால் 12 நாள், பின்னால் 13 நாள் எல்லாமே பூஜ்யம். ஆக 26 நாள் வறட்சி 12, 13 என்று இரண்டு துண்டாகி, இரண்டுமே 18-ஐத் தொடாமல் போய்விட்டது.

15 நிமிடப் பதிவு ஒருவழியாக வந்தது. அந்த 3.6 மி.மீ. முழுவதும் காலை 5.30-க்கான ஒரே கட்டத்தில் இருந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "விடியக்காலையில பெய்ஞ்சிருக்குங்க, நீங்க தூங்கியிருப்பீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஆனால் அந்தத் தாளிலேயே பதில் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் வெப்பநிலை 35 டிகிரி. விடியற்காலையில் எப்படி 35 டிகிரி அடிக்கும்? கீழே இறங்கிப் பார்த்தால், அன்றைய உச்ச வெப்பம் "காலை 9 மணி"க்குப் பதிவாகியிருக்கிறது. அப்புறம்தான் புரிந்தது, அந்தப் பட்டியல் சர்வதேச நேரத்தில் இருக்கிறது, உள்ளூர் நேரத்துக்கு மாற்றவே இல்லை. ஐந்தரை மணி நேரம் கூட்டினால், அந்த 3.6 மி.மீ. பதிவானது உண்மையில் பகல் 11 மணிக்கு.

பகல் 11 மணிக்கு மழை பெய்திருந்தால் வெப்பம் சட்டென்று இறங்கியிருக்கும், ஈரப்பதம் ஏறியிருக்கும். இங்கே ஈரப்பதம் அதே 40 சதவீதத்தை ஒட்டி அசையாமல் நிற்கிறது, வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் மழைமானிக்குள் போன தண்ணீர் வானத்திலிருந்து வந்தது இல்லை.

இந்தத் தானியங்கி மழைமானிக்குள் சின்னதாக ஒரு சாய்வாளி இருக்கும். 0.2 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு எண்ணிக்கை. பராமரிக்க வருபவர் புனலில் இருக்கும் தூசி, சருகை எடுத்துவிட்டு, வாளி ஒழுங்காகக் கவிழ்கிறதா என்று கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். ஊற்றும் முன் பதிவை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் "சோதனை" என்று குறித்தாவது வைக்க வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால் அது மழையாகவே கணக்கில் ஏறிவிடும். புனலின் விட்டம் 20 செ.மீ. என்றால் 1 மி.மீ. மழை என்பது சுமார் 31 மில்லிலிட்டர் தண்ணீர். 3.6 மி.மீ.க்கு 113 மில்லிலிட்டர். அரை டம்ளர் தண்ணீரில் என் 45 சதவீதம் போயிருக்கிறது!

அடுத்த மனுவில் பயிர், நஷ்டம், கடன் எதைப் பற்றியும் எழுதவில்லை. அதையெல்லாம் எழுதினால் "வருந்துகிறோம்" என்றுதான் பதில் வரும். மூன்றே விஷயம் கேட்டேன்: அந்தத் தேதியில் நிலையத்துக்குப் பராமரிப்புக்கு யாராவது வந்தார்களா, வருகைப் பதிவேட்டின் நகல் தர முடியுமா, அதே நாளில் ஒப்பந்தத்தில் உள்ள மாற்று நிலையத்தில் எவ்வளவு மழை. நிறுவனம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தது. குறை தீர்க்கும் அதிகாரிக்கு மேல்முறையீடு போன பிறகு நகல் வந்தது. அதே தேதி, பகல் 11 மணி, "புனல் சுத்தம், சோதனை" என்று கையால் எழுதி ஒரு கையெழுத்து. மாற்று நிலையத்தில் மழை பூஜ்யம். பதிவு பழுதென்றால் மாற்று நிலையத்தின் அளவை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் தாளிலேயே இருக்கிறது, அதன்படி அந்த நாள் வறண்ட நாளானது. 12-ம் 1-ம் 13-ம் சேர்ந்து 26.

45 சதவீதம் வந்துவிட்டது. தாமதத்துக்கு வட்டி கேட்டேன், அதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை, கணக்கு நிலையத்துக்குத்தானே ஒழிய தனி வயலுக்கு இல்லை என்பதால், அதே நிலையத்தின் கீழ் காப்பீடு எடுத்த எல்லோருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. "எதுக்குய்யா அவங்களோட மல்லுக்கட்டுற" என்று சொன்னவருக்கும் சேர்த்துத்தான். (அவருடைய கிணற்றில் தண்ணீர் இருந்தது, கடலையும் நன்றாகவே விளைந்தது. இந்தக் காப்பீட்டில் அதற்கும் தடையில்லை.)

எல்லாப் பிழையும் இப்படிப் பிடிபடாது. புனல் பாதி அடைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால், பெய்து முடித்த பிறகும் மணிக்கணக்கில் 0.2, 0.2 என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். நிலையம் தூரத்தில் இருந்து அங்கே நிஜமாகவே மழை பெய்து உங்கள் வயலில் பெய்யாமல் போனால், எந்த மனு போட்டாலும் பைசா வராது. ஆகையால் பிரீமியம் கட்டும் முன்பே நிலையம் எங்கே இருக்கிறது, மாற்று நிலையம் எது, பதிவு பழுது என்று யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்த பருவத்துக்கு நானும் இதையே எழுத்தில் கேட்டு, சோதனைத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கவும் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பிரீமியம் கட்டக் கடைசித் தேதியை நினைவூட்டி மட்டும் தவறாமல் செய்தி வருகிறது.