சம்பளச் சீட்டில் 13,717, வங்கியில் 13,716: ஒரு ரூபாய் போன வழி

கோவைக்கு வெளியே உள்ள ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு என் பொறுப்பு. பல ஆண்டுகளாக எக்செலில் போட்டுவந்த கணக்கைக் கடந்த ஜூலையில் ஒரு மென்பொருளுக்கு மாற்றினோம். ஊழியர் பட்டியலை ஏற்றுவது, வருகைப் பதிவை இணைப்பது எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. முதல் மாதம் மட்டும் பாதுகாப்புக்காக இரண்டையும் சேர்த்து ஓட்டுவது என்றும், வங்கிக்கு அனுப்பும் கோப்பைப் பழைய எக்செலிலிருந்தும் சம்பளச் சீட்டைப் புதிய மென்பொருளிலிருந்தும் எடுப்பது என்றும் நிர்வாகம் முடிவு செய்தது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

சம்பளம் ஏறிய சில நாட்களில் லேத் பிரிவு ஊழியர் ஒருவர் சீட்டோடு வந்தார். "மேடம், சீட்டுல 13,717 போட்டிருக்குதுங்க, பேங்க்ல 13,716 தான் ஏறியிருக்குது. பேங்க்ல கேட்டா கம்பெனியில கேளுங்கன்னு அனுப்பிட்டாங்க" என்றார். வங்கி ஏதோ கட்டணம் பிடித்துவிட்டது என்று எண்ணி, ஒரு ரூபாயைத் தேடி அரை நாள் விடுப்பெடுத்துக் கிளைக்குப் போய் நின்றிருக்கிறார் மனிதர். அந்த அரை நாள் சம்பளம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும் என்பதால் எரிச்சல் இரட்டிப்பானது.

மென்பொருள் நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தேன். "ரவுண்ட் ஆஃப் வித்தியாசம்தான் மேடம், ஒரு ஜர்னல் என்ட்ரி போட்டுக் கழித்துவிடுங்கள்" என்பதே பதில். எந்த இடத்தில், எந்த விதிப்படி ரவுண்ட் ஆகிறது என்று கேட்டால், அது சிஸ்டமே செய்வது என்றார்கள். ஆகவே நானே தாளும் பேனாவுமாக உட்கார வேண்டியதாயிற்று.

அந்த ஊழியரின் மாதச் சம்பளம் 17,500 ரூபாய்: அடிப்படைச் சம்பளம் 10,000, அகவிலைப்படி 1,600, வீட்டு வாடகைப்படி 4,000, சிறப்புப்படி 1,900. ஜூலையில் 4 நாள் சம்பளமில்லா விடுப்பு என்பதால் 31 நாட்களில் 27 நாட்களுக்கே சம்பளம். ஒவ்வொரு இனத்தையும் 27-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் முறையே 8,709.68, 1,393.55, 3,483.87, 1,654.84 என்று வருகின்றன. நான்கிலும் பைசா ஐம்பதுக்கு மேலே நிற்பதைக் கவனியுங்கள். மென்பொருள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக முழு ரூபாயாக்கியது: 8,710, 1,394, 3,484, 1,655. கூட்டினால் 15,243. எக்செல் தாளோ பைசாவை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டியதால் 15,241.94 வந்தது, அதை முழு ரூபாயாக்கினால் 15,242. பி.எஃப். பிடித்தம் 1,411, இ.எஸ்.ஐ. பிடித்தம் 115 என்பவை இரண்டு கணக்கிலும் ஒன்றே. மென்பொருளில் கைக்கு வருவது 13,717, எக்செலில் 13,716. யாரும் எதையும் பிடிக்கவில்லை. நான்கு வரிகளில் மேலே தள்ளிய பைசாக்கள் சேர்ந்து ஒரு ரூபாய் ஆறு பைசா ஆகியிருந்தன, அவ்வளவுதான்.

பழைய எக்செல் தாள் இத்தனை நாள் எப்படித் தப்பித்தது என்று பார்த்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. அதில் கட்டங்கள் பைசா தெரியாதபடி வடிவமைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரிவது 8,710. கட்டத்துக்குள் இருப்பது 8,709.677. ஆகவே பழைய அச்சுச் சீட்டிலும் தெரிகிற நான்கு வரிகளைக் கூட்டினால் 15,243, கீழே அச்சாகியிருக்கும் மொத்தம் 15,242. யாரும் பேனா எடுத்துக் கூட்டிப் பார்க்கவில்லை. எக்செல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இதைச் சரிசெய்ய அமைப்புகளில் உள்ள Set precision as displayed என்பதைத் தட்டிவிடாதீர்கள். அது கோப்பு முழுவதிலும் உள்ளிட்டு வைத்த எண்களின் பைசாவை நிரந்தரமாக வெட்டிவிடும். தேவைப்படும் கட்டத்தில் மட்டும் வாய்பாடு போடுங்கள். B முதல் E வரை நான்கு இனங்களின் முழு மாதத் தொகை, F-இல் சம்பள நாட்கள், H2-இல் மாத நாட்கள், G முதல் J வரை ஈட்டிய தொகை என்றால், முதல் இனத்துக்கும் இ.எஸ்.ஐ.-க்கும் இப்படி:

```
=ROUND(B5*$F5/$H$2,0)
=ROUNDUP(SUM(G5:J5)*0.75%,0)
```

இரண்டாவதில் ROUND அல்ல, ROUNDUP என்பது முக்கியம். பி.எஃப். பிடித்தத்தில் ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். இ.எஸ்.ஐ.-யிலோ ஒரு பைசா மிஞ்சினாலும் அடுத்த ரூபாய்க்குப் போக வேண்டும். 114.32 என்பது 115 ஆவது அப்படித்தான்.

இந்த வித்தியாசத்தை மோப்பம் பிடிப்பதற்கு எளிய வழி உண்டு. முழு மாதம் வேலை செய்தவர்களுக்கு இனங்கள் எல்லாமே முழு ரூபாயாக இருப்பதால் இது வரவே வராது. விடுப்பால் சம்பளம் வெட்டப்பட்டவர்கள், மாத நடுவில் சேர்ந்தவர்கள், விலகியவர்கள் ஆகியோரிடம் மட்டும் ஒரு ரூபாய் விலகினால் காரணம் ரவுண்டிங்தான். எல்லோரிடமும் விலகினால் வேறெங்கோ தேட வேண்டும். மாற்றத்துக்கு முன்பு நாங்கள் சோதித்துப் பார்த்தவர்கள் ஒன்று, இரண்டு நாள் விடுப்பெடுத்தவர்கள். இதே 17,500 சம்பளத்தில் 31 நாள் மாதத்துக்கு 1, 2, 3 நாள் விடுப்பில் இரு முறைகளும் ஒரே தொகையைத்தான் தருகின்றன. நான்காம் நாளில்தான் பிரிகின்றன. சோதனையில் அகப்படாததற்கு அதுவே காரணம்.

வரிவரியாக முழுமையாக்கினால் ஊழியருக்கு எப்போதும் லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. 30 நாள் மாதத்தில் ஒரு நாள் விடுப்பென்றால் நான்கு இனங்களும் 67 பைசாவில் முடிந்து மேலே ஏறுகின்றன. மொத்தச் சம்பளம் 16,917-க்குப் பதில் 16,918 ஆகிறது. அதே மாதம் இரண்டு நாள் விடுப்பென்றால் நான்கும் 33 பைசாவில் முடிந்து கீழே விழுகின்றன; 16,333 வர வேண்டியவருக்கு 16,332 வருகிறது. பக்கத்து இயந்திரத்துக்காரருக்கு ஒரு ரூபாய் கூடி நமக்கு ஒரு ரூபாய் குறைந்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. மொத்தத்தை முதலில் முழு ரூபாயாக்கிவிட்டு, மற்ற மூன்று இனங்களையும் தனித்தனியே முழுமையாக்கி, எஞ்சியதைச் சிறப்புப்படியில் வைத்துவிட்டால் சீட்டும் கூட்டினால் சரியாக வரும், மொத்தமும் உண்மையான தொகையிலிருந்து அரை ரூபாய்க்கு மேல் விலகாது. மேற்சொன்ன ஜூலைக் கணக்கில் சிறப்புப்படி 1,655-க்குப் பதில் 1,654 ஆகியிருக்கும். ஆனால் நாங்கள் வாங்கிய மென்பொருளில் அதற்கு இடமில்லை என்று உதவி மையம் கைவிரித்துவிட்டது. ஆகவே வரிவரியாக முழுமையாக்குவது என்றே முடிவு செய்து, விதியை ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகத்தின் கையெழுத்தும் வாங்கிவைத்தேன். வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

ஒரு ரூபாய்தானே என்பவர்களுக்கு பி.எஃப். கோப்பைக் காட்ட வேண்டும். மாதாந்தர இ.சி.ஆர். கோப்பில் பைசாவுக்கு இடமில்லை, எல்லாம் முழு எண்கள். வீட்டு வாடகைப்படி நீங்கலாக அந்த ஊழியரின் பி.எஃப். ஊதியம் மென்பொருளில் 11,759, எக்செலில் 11,758. ஊழியரின் 12 சதவீதம் இரண்டிலும் 1,411 தான். ஆனால் நிறுவனம் செலுத்தும் பங்கில் ஓய்வூதியத்துக்குப் போகும் 8.33 சதவீதம் 11,758-க்கு 979.44, 11,759-க்கு 979.52. முதலாவது 979 ஆகவும் இரண்டாவது 980 ஆகவும் மாறுகிறது, பி.எஃப். கணக்கில் சேரும் மீதி 432-இலிருந்து 431-க்கு இறங்குகிறது. அந்த மீதியை 1,411-இலிருந்து கழித்தே எடுக்க வேண்டும். 3.67 சதவீதம் என்று தனியாகக் கணக்கிட்டால் 431.56 வந்து 432 ஆகி, இரண்டும் சேர்ந்து 1,412 என்று நிற்கும். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு 1,250-உடன் 550 சேர வேண்டிய இடத்தில் 551 சேர்ந்து 1,801 ஆவதும் இதே கோளாறுதான்.

ஜூலைக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் மென்பொருளின் பதிவேட்டிலிருந்தே செலுத்திவிட்டதால், குறைவாகப் பெற்றவர்களுக்கு அந்த ஒரு ரூபாயைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. ஆகஸ்டில் நிலுவை என்ற இனத்தில் ஏற்றினோம். அங்கும் ஒரு வேடிக்கை. ஆகஸ்ட் முழுவதும் வேலை செய்த ஒருவரின் சம்பளம் 16,000, அதற்கு இ.எஸ்.ஐ. சரியாக 120. நிலுவை சேர்ந்து 16,001 ஆனதும் பிடித்தம் 120.0075 ஆகி, மேலே தள்ளும் விதிப்படி 121 ஆனது. கொடுத்த ரூபாயை இ.எஸ்.ஐ. எடுத்துக்கொண்டது, கைக்கு வந்த தொகை அசையவே இல்லை. நல்லவேளையாக வங்கிக் கோப்பு போவதற்கு முன் கண்ணில் பட்டது. அந்த ரூபாய்க்கான இ.எஸ்.ஐ. ஜூலைக் கணக்கிலேயே கட்டப்பட்டுவிட்டது என்பதால், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் சேராத ஒரு தனி இனத்தை உருவாக்கி, ஜூலை வித்தியாசம் என்று பெயரிட்டு அதில் போட்டேன். லேத் பிரிவு ஊழியர் ஆகஸ்ட் சீட்டை வாங்கியதும் என் மேசையிலிருந்த கால்குலேட்டரை எடுத்து வரிவரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.