தையல் மெசினின் அடியில் இருந்த எழுத்து இலக்கம்

கல்லடியில் வீட்டோடு ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா தன்னுடைய பழைய தையல் மெசினைக் கப்பலில் அனுப்பிவைத்தாள். அது 120 வோல்ட் மெசின். நம்முடைய 230 வோல்ட்டுக்கு ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கி வைத்து நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு மடிப்புத் தைக்கும்போது பொபின் கேஸ் வெடித்துவிட்டது. மட்டக்களப்பு டவுனிலும் காத்தான்குடியிலும் கடைகடையாகத் தேடினேன், அந்த அளவு கிடைக்கவில்லை. திருத்துகிற தம்பி மெசினைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சிட்டையைக் காட்டி, "அக்கா, கொம்பனிக்கே கேட்டுப் பாருங்க" என்றார்.

சிட்டையில் 1 என்ற இலக்கம், அதன்பின் அமெரிக்க இலவச அழைப்புக்கான மூன்று இலக்கம். அதற்குப் பிறகு இலக்கமே இல்லை. SEW-TOOLS என்று எட்டு எழுத்துகள் மட்டும். (முன்னால் இருந்த இலக்கத்தை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை.)

எழுத்தை எப்படி டயல் பண்ணுவது என்று யோசித்தபோது அப்பாவின் பழைய போன் நினைவுக்கு வந்தது. விரலை விட்டுச் சுற்றுகிற பிரித்தானியத் தயாரிப்பு. இணைப்பு எப்போதோ போய்விட்டது, ஆனாலும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. சின்ன வயதில் அதன் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்து விளையாடியிருக்கிறோம். அதைத் துடைத்து மேசையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். 2க்கு ABC, 3க்கு DEF, 4க்கு GHI, 5க்கு JKL, 6க்கு MN, 7க்கு PRS, 8க்கு TUV, 9க்கு WXY. 1க்கு எழுத்து இல்லை. 0க்கு O, Q.

அதன்படி S 7, E 3, W 9, T 8, O 0, O 0, L 5, S 7 என்று வந்தது. 739-80057. O என்ற எழுத்து 0 என்ற இலக்கத்தோடே இருந்ததால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பார்வைக்கும் இரண்டும் ஒன்றுதானே.

வேறொரு சந்தேகம்தான் வந்தது. அமெரிக்கா, கனடா இலக்கங்களில் 1ஐ விட்டுவிட்டால் பத்து இலக்கம்தான் இருக்க வேண்டும். முன்னால் மூன்று, பின்னால் ஏழு. என்னிடம் பின்னால் எட்டு இருந்தது. அக்காவிடம் கேட்டபோது அவள் சொன்னது இது: சொல் முழுதாக வரவேண்டும் என்பதற்காகக் கூடுதல் எழுத்தோடு அச்சடிப்பார்கள். அங்கே வீட்டுப் போனில் பத்தாவது இலக்கத்தோடு அழைப்பு போய்விடும், அதற்குமேல் அழுத்துவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கைபேசியில் முழு இலக்கமும் ஒரேயடியாகப் போகிறது, வெளிநாட்டிலிருந்து என்றால் கூடுதல் இலக்கத்தால் சில இடங்களில் அழைப்பே விழாது. ஆகவே கடைசி எழுத்தை விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு. கடைசி S போனது. 739-8005 மிஞ்சியது.

இங்கிருந்து 001 போட்டு முயன்றேன். இந்த இலக்கத்தை உங்கள் நாட்டிலிருந்து அழைக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பதிவுக்குரல் வந்தது. அங்கே இலவசமான இலக்கம் இங்கிருந்து இலவசமில்லை, பல நேரம் கிடைக்கவும் கிடைக்காது. சரி, அக்காவையே எடுக்கச் சொன்னேன். அங்கே காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தால், கோடையில் நமக்கு மாலை ஆறரை. அந்த நேரம் பார்த்துப் போனடியில் இருந்தேன். அக்கா திருப்பி எடுத்து, "தங்கச்சி, அது வேற எங்கேயோ போகுது. தையல் மெசினைப் பற்றி அவைக்கு ஒன்றும் தெரியாது" என்றாள்.

அடுத்த முயற்சி அவளுடைய மகனுடையது. பழைய நோக்கியாவில் எஸ்எம்எஸ் அடித்துப் பழகிய பிள்ளை. S என்றால் 7ஐ நான்கு தரம், E என்றால் 3ஐ இரண்டு தரம் என்று அடித்துக்கொண்டு போயிருக்கிறான். இரண்டாவது எழுத்து முடியும்போதே ஆறு இலக்கம் ஆகிவிட்டது. எழுத்து இலக்கத்தில் எழுத்து அந்தப் பொத்தானில் எத்தனையாவதாக இருந்தாலும் ஒரு தரம் மட்டும்தான் அழுத்த வேண்டும். ஏழு எழுத்துக்கு ஏழு அழுத்து. எண்ணிப் பார்த்தாலே பிழை பிடிபட்டுவிடும்.

அன்று இரவு அக்கா வீடியோவில் தன் கைபேசிப் பொத்தான்களைக் காட்டிக்கொண்டு, நான் எழுதியதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். S, E, W, T எல்லாம் ஒன்றாகவே வந்தன. O வந்ததும் நின்றாள். "என்ர போனில் O ஆறில எல்லோ இருக்கு!" நான் என் கைபேசியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். இலக்கங்களுக்குக் கீழே மிகச் சின்னதாக எழுத்துகள், 6க்குக் கீழே MNO. இத்தனை நாள் கவனித்ததே இல்லை. அப்பாவின் போனில் 6க்கு MN மட்டும்தான்.

காரணம் இதுதான். பிரித்தானியாவில் பழைய டயல்களில் O எழுத்தை 0க்கு வைத்திருந்தார்கள். லண்டனில் அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்சின் பெயரில் முதல் மூன்று எழுத்தைத்தான் சுற்றுவார்கள். ஸ்கொட்லாந்து யார்ட்டின் புகழ்பெற்ற WHItehall 1212 என்பது 944 1212. அமெரிக்காவில் O ஆரம்பத்திலிருந்தே 6ல் இருந்தது. இன்று எல்லா நாட்டுக் கைபேசிகளிலும் இருப்பது அந்த ஒழுங்குதான். Q 7க்கும் Z 9க்கும் போய், PQRS, WXYZ என்று நான்கு நான்கு எழுத்தாகின. என் அப்பாவின் டயலில் Z எங்குமே இல்லை. இடைக்காலத்தில் Q, Z இரண்டையும் 1ல் வைத்த போன்களும் வந்திருக்கின்றன. ஆகவே கையிலிருக்கும் பழைய போனில் 6க்கு MN மட்டும் இருந்தாலோ, Q அல்லது Z காணாமல் இருந்தாலோ, அதை வைத்து இன்றைய எழுத்து இலக்கத்தை மாற்றக்கூடாது. அமெரிக்காவின் பழைய போன்களில்கூட 7க்கு PRS, 9க்கு WXY மட்டும்தான், ஆனால் O சரியாக 6ல் இருக்கும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது O எங்கே என்பதைத்தான்.

இதே குழப்பம் I எழுத்திலும் வரும். அது 1 மாதிரித் தெரிந்தாலும் 4தான். சொல்லின் நடுவே நிற்பதை எழுத்தாகவே எடுக்க வேண்டும்.

திருத்தியதும் S 7, E 3, W 9, T 8, O 6, O 6, L 5. 739-8665. இரண்டு இலக்கம்தான் மாறியது. மறுநாள் மாலை ஆறரைக்கு அக்கா எடுத்தாள், முதல் மணியிலேயே சரியான இடம். மெசினின் மொடல் இலக்கத்தைச் சொன்னதும் பொபின் கேஸின் உதிரிப்பாக இலக்கத்தைக் கொடுத்தார்கள். இங்கே இலவச இலக்கம் கிடைக்காது என்று அக்கா சொன்னபோது, வெளிநாட்டிலிருந்து எடுக்கக்கூடிய சாதாரண இலக்கம் ஒன்றையும் தந்தார்கள். அதை முதலிலேயே கேட்டிருக்கலாம் என்று பிறகுதான் தோன்றியது.

பாகம் வந்து மெசின் இப்போது ஓடுகிறது. சிட்டையின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, இரண்டு இலக்கங்களையும் முழுவதும் இலக்கமாகவே எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவின் போனை மறுபடி அலுமாரியில் வைத்தபோது, 0வின் பக்கத்தில் இருந்த அந்த O, Qஐ இன்னொருதரம் துடைத்துப் பார்த்தேன்.