16-ஆம் நாள் வந்த நிமோனியா: சிறுநீர்ச் சோதனையிலிருந்து ஷவர் குழாய் வரை

நோயாளிக்கு 67 வயது. நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்காக ஸ்டீராய்டு எடுப்பவர். இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்குச் சேர்ந்து, தேறி வந்த வேளையில் 16-ஆம் நாள் காய்ச்சல் 39.6 டிகிரிக்கு ஏறியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்திருந்தது. மருத்துவமனையில் தொற்றும் நிமோனியாவுக்கு வழக்கமாகத் தரும் பைபராசிலின்–டாசோபாக்டம் தொடங்கியும் 48 மணி நேரத்தில் துளியும் குறையவில்லை.

அந்த இரண்டு நாள் குறிப்பேட்டைத் திரும்பப் படித்தபோது சில விஷயங்கள் ஒன்றாகத் தென்பட்டன. அவ்வளவு காய்ச்சலிலும் நாடித்துடிப்பு 86-ஐத் தாண்டவில்லை. இரத்த சோடியம் 127. இருமல் இருந்தது, சளி வரவில்லை. வயிற்றுப்போக்கு இருந்தது, இரவில் பேச்சு குழம்பியது. இவற்றில் எதுவும் தனியாக நின்று லெஜியோனெல்லா என்று சொல்லாது. ஆனால் பீட்டா-லாக்டம் மருந்துக்கு அசையாத நிமோனியாவோடு சேர்ந்து வரும்போது அந்தப் பெயரை நினைக்காமல் விடக்கூடாது. நீரில் வாழும் இந்தப் பாக்டீரியா, நுரையீரலுக்குள் போனதும் கிருமிகளை விழுங்க வரும் மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளேயே குடியேறிப் பெருகும். பென்சிலின் வகை மருந்துகள் செல்லுக்குள் போதிய அளவு நுழைவதில்லை. அதனால்தான் மருந்து ஏறிக்கொண்டிருக்கும், நோயும் ஏறிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் வந்த அன்றே சிறுநீர் அனுப்பப்பட்டது. நுரையீரல் நோய்க்குச் சிறுநீரில் தேடுவது முதலில் வினோதமாகப் படலாம். பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் உதிர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரில் சேர்க்கிறது. சோதனை தேடுவது அந்த ஆன்டிஜெனைத்தான், உயிருள்ள கிருமியை அல்ல. இதில் மூன்று வசதிகள் உண்டு. சளி துப்ப முடியாத நோயாளியிடமும் மாதிரி கிடைக்கும். அறிகுறி தொடங்கிய ஒன்று முதல் மூன்று நாளுக்குள்ளேயே ஆன்டிஜென் தெரியத் தொடங்கிவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகும் அது உடனே மறையாது.

செய்முறை எளிது. சிறுநீரைப் பட்டையில் இட்டு, சரியாக 15 நிமிடத்தில் படிக்க வேண்டும். வேலை நெருக்கடியில் அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால், காய்ந்த பட்டையில் இல்லாத கோடு தெரியும். எங்கள் நோயாளிக்கு 15-ஆம் நிமிடத்திலேயே ஒரு மெல்லிய கோடு வந்தது. மெல்லிய கோட்டை அப்படியே "பாசிட்டிவ்" என்று எழுதிவிடுவது சரியல்ல. சிறுநீரில் உள்ள சில புரதங்கள் பட்டையில் ஒட்டிப் பொய்க்கோடு வரைவதுண்டு. அதனால் அதே சிறுநீரைக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்து, சென்ட்ரிபியூஜில் சுற்றி, மேல்தெளிவில் சோதனையை மீண்டும் செய்தோம். புரதங்கள் வெப்பத்தில் சிதைந்துவிடும், லெஜியோனெல்லா ஆன்டிஜென் தாங்கும். இரண்டாம் முறையும் கோடு அதே இடத்தில் நின்றது. அடுத்த ஒரு மணி நேரத்தில் லீவோபிளாக்சசின் 750 மி.கி. நரம்பு வழியாகத் தொடங்கப்பட்டது. தினமும் ஒரு வேளை. சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால் அளவை மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில் பலர் பதறும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சரியான மருந்து தொடங்கிய பிறகும் எக்ஸ்ரே முதல் சில நாள்கள் மோசமாகவே தெரியலாம். படத்தை மட்டும் பார்த்து மருந்தை மாற்றிவிடக் கூடாது. காய்ச்சல், ஆக்சிஜன் தேவை, மனத்தெளிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கு முந்தைய நாள் எடுத்த படத்தில் வெள்ளை இன்னும் பரவியிருந்தது.

சிகிச்சைக்குச் சிறுநீர்ச் சோதனை போதும். ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. அது லெஜியோனெல்லா நியூமோஃபிலாவின் செரோகுரூப் 1 இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அந்த வகை உலகெங்கும் தண்ணீரில் இருப்பது. நோயாளியின் கிருமியும் தண்ணீரின் கிருமியும் ஒன்றுதானா என்று ஒப்பிட, இரண்டு பக்கமும் உயிருள்ள கிருமி கையில் வேண்டும். சிறுநீரில் பாசிட்டிவ் வந்ததும் "நோய் தெரிந்துவிட்டதே" என்று சளி கல்ச்சரைக் கைவிடுவதுதான் இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. லீவோபிளாக்சசின் சில வேளைகள் போன பிறகு கிருமி வளரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அதனால் முதல் ஊசிக்கு முன்பே, உப்புநீர் ஆவி கொடுத்துச் சளி வரவழைத்து எடுத்தோம்.

அந்தச் சளி ஆய்வகத்திலேயே நிராகரிக்கப்படும் அபாயமும் இருந்தது. சீழ்செல்கள் குறைவாக இருந்தால் "எச்சில் மாதிரி" என்று திருப்பி அனுப்புவது பல ஆய்வகங்களின் விதி. லெஜியோனெல்லா நோயாளியின் சளி பெரும்பாலும் அப்படித்தான், தண்ணீராக இருக்கும். கிராம் ஸ்டெயினிலும் கிருமி சரியாகத் தெரியாது. ஆகவே கோரிக்கைத் தாளில் "லெஜியோனெல்லா கல்ச்சர், நிராகரிக்க வேண்டாம்" என்று எழுத வேண்டும். சாதாரண பிளட் அகாரில் இது வளராது. இரும்பும் சிஸ்டீனும் சேர்த்த, கரித்தூள் கலந்த தனி ஊடகம் வேண்டும். 1976 ஜூலையில் ஃபிலடெல்பியா ஹோட்டலில் அமெரிக்கன் லீஜியன் மாநாட்டுக்கு வந்தவர்கள் நோயுற்றபோது, காரணக் கிருமியைப் பிடிக்க மறு ஆண்டு ஜனவரிவரை ஆனதற்கு, வழக்கமான ஊடகங்களில் அது வளர மறுத்ததும் ஒரு காரணம். எங்கள் தட்டில் நான்காம் நாள், வெட்டிய கண்ணாடி போல மினுங்கும் சாம்பல்நிறக் காலனிகள் வந்தன. அவற்றைச் சிஸ்டீன் இல்லாத பிளட் அகாரில் இட்டபோது ஒன்றும் முளைக்கவில்லை. அதுவே முதல் உறுதி.

இனி தண்ணீர். இந்த நோய் உள்ளே வளர 2 முதல் 14 நாள்வரை ஆகும். அறிகுறி தொடங்கியது 16-ஆம் நாள். அதற்கு முந்தைய 14 நாளும் அவர் மருத்துவமனையை விட்டு வெளியே போகவில்லை. ஆகவே மூலம் வளாகத்துக்குள்தான். எல்லோர் கையும் முதலில் மொட்டைமாடிக் கூலிங் டவரை நோக்கி நீண்டது. சந்தேகம் நியாயமானதே. டவரில் சுற்றும் நீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், கிருமிக்கு அது இதமான சூடு. மின்விசிறி நுண்துளிகளை வெளியே தள்ளும். அவை காற்றில் காய்ந்து சிறுத்து நெடுந்தூரம் போகும். புதுக்காற்று உறிஞ்சும் வாய் அருகில் இருந்தால் வார்டுக்குள்ளும் வரும்.

பராமரிப்புக் குழுவிடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: மாதிரி எடுக்கும்வரை எதையும் கழுவாதீர்கள், குளோரின் போடாதீர்கள். நல்லெண்ணத்தில் முந்தைய இரவே மருந்து கொட்டிவிட்டால் தடயம் அழிந்துவிடும், பைப்புக்குள் படிந்த பாசிப்படலத்தில் கிருமி மட்டும் பிழைத்திருக்கும். டவர் தொட்டி, வெந்நீர்த் தொட்டி, திரும்பிவரும் வெந்நீர்க் குழாய், நோயாளியின் அறை ஷவர், வாஷ்பேசின் என ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் எடுத்தோம். பாட்டிலில் முன்பே சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீரிலுள்ள குளோரின், வழியிலேயே கிருமியைக் கொன்று பொய் நெகட்டிவ் தரும். குழாயை ஓடவிடாமல் முதல் நீரைப் பிடித்தோம், ஷவர் தலையைக் கழற்றி உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தோம். பிறகு வெந்நீரை ஒரு நிமிடம் ஓடவிட்டு வெப்பநிலை பார்த்தோம்.

பதிலின் பெரும்பகுதி தெர்மாமீட்டரிலேயே கிடைத்தது. தொட்டியில் 61 டிகிரி, அந்த வார்டு ஷவரின் வெந்நீர்க் குழாயில் 44. இந்தக் கிருமி செழிப்பது 25 முதல் 45 டிகிரிக்குள். ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது மூடிய சுற்றோட்ட வால்வு திறக்கப்படாமலே இருந்தது. அதனால் அந்தப் பகுதிக்கு மட்டும் வெந்நீர் சுற்றாமல் தேங்கியது. பக்கத்தில் ஸ்டோர்ரூமாக மாறிய பழைய குளியலறைக்குப் போன குழாயும் சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மூடி போட்டு அப்படியே விடப்பட்டிருந்தது. அந்தத் தேங்குநீர்தான் விதைப்பண்ணை.

கல்ச்சரில் டவர் நீரில் லிட்டருக்கு 18,000 காலனி, ஷவர் நீரில் 900. இரண்டும் செரோகுரூப் 1. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் டவர்தான் குற்றவாளி என்று கோப்பை மூடியிருப்போம். மரபணு வரிசையை ஒப்பிட்டபோது நோயாளியின் கிருமியும் ஷவர், வாஷ்பேசின் கிருமியும் ஒன்று, டவரில் இருந்தது வேறு. சளி கல்ச்சர் கையில் இல்லாதிருந்தால் டவரைச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த நோயாளியை அதே ஷவருக்கு அனுப்பியிருப்போம். வாஷ்பேசினுக்கும் ஒரு பங்கு உண்டு: அவருடைய நெபுலைசர் கப் அந்தக் குழாய்நீரில்தான் அலசப்பட்டுவந்தது. அதற்கு மலட்டுநீர் மட்டுமே பயன்பட வேண்டும்.

அன்றே அந்த வார்டின் ஷவர்களிலும் குழாய்களிலும் 0.2 மைக்ரான் வடிகட்டி மாட்டப்பட்டது. வால்வு திறக்கப்பட்டது, மூடிய குழாய் கிளைவிடும் இடத்திலேயே வெட்டி நீக்கப்பட்டது. பிறகு தொட்டியை 70 டிகிரிக்கு மேல் ஏற்றி ஒவ்வொரு குழாயையும் 5 நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டோம். அப்போது வெந்நீரில் குளிர்நீரைக் கலக்கும் வால்வைத் தாண்டியும் முழுச் சூட்டோடு வெந்நீர் போக வேண்டும். இல்லையென்றால் கடைசி ஒரு மீட்டர் குழாயில் சூடு ஏறாது. தோல் வெந்துபோகும் சூடு என்பதால் நோயாளிகளை அந்த நேரத்தில் குளியலறைப் பக்கம் விடவில்லை. நோய்க்குக் காரணமாகாவிட்டாலும் 18,000 விட்டுவைக்கும் எண் அல்ல, டவரும் கழுவப்பட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம், பின் மாதமொருமுறை மூன்று மாதம் என்று மறுபரிசோதனை.

அந்த வார்டில் முந்தைய வாரங்களில் நிமோனியா வந்தவர்களைத் தேடியபோது சிறுநீர்ச் சோதனை மறுபடி கைகொடுத்தது. ஆன்டிஜென் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட வெளியேறுவதால், மூன்று வாரத்துக்கு முன் குணமாகி வீட்டுக்குப் போன ஒருவரிடமும் கோடு தெளிவாக வந்தது. இதே நீட்சிதான் எச்சரிக்கையும்: பழைய லெஜியோனெல்லா வரலாறு உள்ளவருக்குப் புதுக் காய்ச்சலில் பாசிட்டிவ் வந்தால் அது பழையதன் மிச்சமாக இருக்கலாம்.

இன்னொருவர் வார்டிலேயே இருந்தார். கீமோதெரபி நோயாளி, சிறுநீரில் கோடு வரவில்லை. பட்டை பிடிப்பது செரோகுரூப் 1-ஐ மட்டும். அதிலும் ஊரில் பரவும் துணைவகைகளை நன்றாகவும், மருத்துவமனைக் குழாய்களில் அடிக்கடி இருக்கும் துணைவகைகளைப் பாதியளவுக்கும்தான் பிடிக்கும். அவருடைய நெகட்டிவை நம்பி லீவோபிளாக்சசினை நிறுத்தவில்லை. சளி பிசிஆர் மறுநாள் பாசிட்டிவ் வந்தது.