இரண்டு கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் ஓர் ஆர்எஃப் குழப்பமும்

மேசையில் இரண்டு வேறு செட்டுகளின் கறுப்பு ஸ்கெட்ச் பேனாக்கள் கிடந்தன. எழுதினால் இரண்டும் ஒரே கறுப்புதான். உள்ளே இருக்கும் சாயங்களும் ஒன்றா என்று தாள் குரோமடோகிராபி, அதாவது தாளில் ஏறும் நீரைக்கொண்டு மையின் சாயங்களைப் பிரிக்கும் முறை, செய்து பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் தாள் வீண். தொடக்கக் கோட்டைப் பால்பாயிண்ட் பேனாவால் போட்டுவிட்டேன். கோட்டிலிருந்தும் கொஞ்சம் நிறம் கிளம்பி மேலே ஏறியது, எது எதன் சாயம் என்றே தெரியவில்லை. பென்சிலின் கரி நீரில் கரையாது, அதனால் கோட்டுக்குப் பென்சில்தான்.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். வடிதாளில் நீளமான பட்டை வெட்டி, அடியிலிருந்து 2 செ.மீ. மேலே பென்சில் கோடு. அதன்மேல் முதல் பேனாவால் கடுகளவு ஒரு பொட்டு. காய்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு தொடுதல். கண்ணாடி ஜாடியில் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். பொட்டு நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், மூழ்கினால் சாயம் ஜாடித் தண்ணீரிலேயே கரைந்து போகும். தாளைத் தொங்கவிட்டு ஜாடியை மூடினேன்.

கறுப்பு மெல்ல நீண்டு, முதலில் நீலம் பிரிந்து மேலே போனது. அதன் பின்னால் இளஞ்சிவப்பு, கடைசியாக மஞ்சள். நீரோடு அதிகம் ஒட்டும் சாயம் கிட்டத்தட்ட நீர் போகிற வேகத்திலேயே போகும். தாளின் நாரோடு அதிகம் ஒட்டுவது நின்று நின்று வரும். பிரிவதெல்லாம் இந்த இழுபறியால்தான்.

தாளை எடுத்த கையோடு நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் குறித்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது, கணக்கும் போட முடியாது.

சரி, ஆர்எஃப் என்றால் என்ன? நீர் நடந்த தூரத்தில் சாயம் எத்தனை பங்கு நடந்தது என்பதுதான். சாயம் போன தூரத்தை நீர் போன தூரத்தால் வகுக்க வேண்டும். இரண்டையும் பென்சில் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும், தாளின் அடியிலிருந்து அல்ல. என் தாளில் நீர் 75 மி.மீ. ஏறியிருந்தது. நீலப் பொட்டின் நடு 60 மி.மீ.யில் இருந்தது. 60 ÷ 75 = 0.80. இளஞ்சிவப்பு 45 மி.மீ., அதாவது 0.60. மஞ்சள் 30 மி.மீ., 0.40. தூரத்தைத் தூரத்தால் வகுப்பதால் இதற்கு அலகு கிடையாது, 1-ஐத் தாண்டவும் தாண்டாது. தாண்டினால் அளந்ததில் தவறு இருக்கிறது.

அடுத்து இரண்டாவது பேனா. ஜாடி கழுவாமல் கிடந்ததால் சோம்பேறித்தனமாக ஒரு திறந்த டம்ளரில் வைத்தேன். நீர் 50 மி.மீ., நீலம் 44 மி.மீ., ஆர்எஃப் 0.88. முதல் பேனாவில் 0.80, இதில் 0.88. 'ஆக, வேறு வேறு நீலம்' என்று நோட்டில் எழுதியும் வைத்துவிட்டேன்.

மறுநாள் அந்த வரியைப் படித்தபோதுதான் உறுத்தியது. திறந்த பாத்திரத்தில் தாளின் மேல்பகுதியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டக் கீழிருந்து மேலும் நீர் ஏறும், சாயத்தையும் சுமந்துகொண்டு. ஆனால் நீர் எல்லை அந்த அளவுக்கு முன்னேறாது. வகுக்கும் எண் சிறுத்துப்போவதால் ஆர்எஃப் கூடிவிடுகிறது. நான் ஒப்பிட்டது இரண்டு பேனாக்களை அல்ல, ஒரு மூடியையும் அது இல்லாததையும்!

இந்த முறை ஒரே அகலத் தாளில் மூன்று பொட்டு: முதல் பேனா, இரண்டாம் பேனா, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. மூடிய ஜாடி. நீர் 80 மி.மீ. ஏறியது. இரு நீலமும் 64 மி.மீ., இரு இளஞ்சிவப்பும் 48 மி.மீ. நடுப்பொட்டிலும் நீலம் இரண்டாகப் பிரியாமல் ஒரே பொட்டாக நின்றது. பழைய வரியை அடித்தேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஆர்எஃப் ஒன்றாக இருந்தால் சாயமும் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாமா? முடியாது. இரண்டு வேறு சாயங்கள் தண்ணீரில் தற்செயலாக ஒரே வேகத்தில் போகலாம். கரைப்பானை மாற்றினால் அந்தத் தற்செயல் பெரும்பாலும் உடையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, தீ எதுவும் பக்கத்தில் இல்லாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதே மூன்று பொட்டை ஓட்டினேன். இது மிக மெதுவாக ஏறியதால் 60 மி.மீ.யோடு நிறுத்தினேன். நீலங்கள் இப்போதும் சேர்ந்தே நின்றன. இளஞ்சிவப்புகள் பிரிந்துவிட்டன: ஒன்று 42 மி.மீ., மற்றது 33 மி.மீ. அதாவது 0.70, 0.55. நடுப்பொட்டில் இரண்டு இளஞ்சிவப்பு ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தது.

நோட்டில் இப்போது இருப்பது: 'இளஞ்சிவப்பு வேறு. நீலம் இரண்டு கரைப்பானிலும் பிரியவில்லை.' நீலம் ஒன்றேதான் என்று எழுதவில்லை.