பூஜ்யமா, ஓவா? ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்து மீட்டெடுத்த எழுபது வரி

எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் இருந்தது. சப்ளையர் பட்டியலில் உள்ள ஜிஎஸ்டி எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி எழுத்து கணக்குக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லும். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் 14-ஐ வைத்துப் போடும் ஒரு கணக்கின் விடைதான் 15-வது. யாராவது ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருந்தால் அங்கே காட்டிக் கொடுத்துவிடும்.

அதை எழுதிய அண்ணன் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கிரிப்ட் இருந்த கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் ஒரு திங்கட்கிழமை காலை கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. பேக்கப் இருக்கிறதா என்று சார் கேட்டார், நான் தரையைப் பார்த்தேன். அண்ணனுக்குப் போன் போட்டால் அவரிடமும் ஃபைல் இல்லை. "எப்பவோ உனக்கு வாட்ஸ்அப்ல ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேனேப்பா, தேடிப் பாரு" என்றார். இருந்தது. மூன்று படம், மொத்தம் எழுபது வரி.

முதலில் போனில் உள்ள, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். வரிகளின் ஆரம்பத்தில் விட்டிருந்த இடைவெளியை எல்லாம் அது விழுங்கிவிட்டது. பைத்தானில் இடைவெளி போனால் அர்த்தமே போய்விடும். அதனால் கையால் அடிப்பது என்று உட்கார்ந்தேன். நீளமான ஒரே ஒரு வரியை மட்டும் சோம்பல்பட்டு ஆப் கொடுத்ததிலிருந்து காப்பி செய்துகொண்டேன். அந்த வரிதான் பிற்பாடு என்னைப் படுத்தியது.

படத்தில் எழுத்துரு கூரியர் நியூ. விண்டோஸில் பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரில் வழக்கமாகத் தெரிவது அதுதான். அதில் பூஜ்யத்துக்குள் கோடோ புள்ளியோ கிடையாது. பூஜ்யம் ஒல்லியான முட்டை, ஆங்கில எழுத்து ஓ கொஞ்சம் உருண்டை, அவ்வளவுதான் வித்தியாசம். எண் ஒன்றுக்கும் சின்ன எழுத்து எல்லுக்கும் அடியில் ஒரே மாதிரி பட்டை. மேலே இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு ஒன்றில் சாய்ந்திருக்கும், எல்லில் படுத்திருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பியதில் அந்தச் சாய்வும் கரைந்து போயிருந்தது. ஐடில் எண்களுக்குத் தனி நிறம் தருவதில்லை. வேறு எடிட்டராக இருந்திருந்தால் நிறத்தை வைத்தே எண் எது, பெயர் எது என்று பாதியைத் தீர்த்திருக்கலாம்.

ஸ்கிரிப்டின் நெஞ்சுப் பகுதி இதுதான். இது சரியான வடிவம், நான் அடித்தது அல்ல:

```python
ALPHA = "0123456789ABCDEFGHIJKLMNOPQRSTUVWXYZ"

def check(g):
    l = 0
    for i, c in enumerate(g[:14]):
        p = ALPHA.find(c) * (i % 2 + 1)
        l += p // 36 + p % 36
    return ALPHA[(36 - l % 36) % 36]
```

அண்ணன் கூட்டுத்தொகைக்கு வைத்த பெயர் `l`. பைத்தானின் எழுத்து நடைக் கையேடான பெப் 8, `l`, `O`, `I` ஆகிய மூன்றையும் தனி எழுத்துப் பெயராக வைக்கவே வேண்டாம் என்கிறது. அண்ணன் அதைப் படித்திருக்க மாட்டார்.

அடித்து முடித்து ஓடவிட்டதும் பிழைகள் வரிசையாக வந்தன. முதல் வகை சுலபம். `l = 0` என்பதை `1 = 0` என்று அடித்திருந்தேன், எண்ணுக்கு மதிப்பு கொடுக்க முடியாது என்று பைத்தான் நின்றுவிட்டது. வேறொரு வரியில் `10`-ஐ `1O` என்று அடித்ததற்கு `invalid decimal literal` என்றது. எண்ணில் தொடங்கும் பெயரை மொழியே ஏற்காது, அதனால் இந்த மாதிரித் தப்பு ஒளிந்துகொள்ள முடியாது. ஒரு தடவைக்கு ஒன்றுதான் காட்டும். திருத்தித் திருத்தி ஓட்டினேன், பத்து நிமிடத்தில் முடிந்தது.

இரண்டாவது வகை எழுத்தில் தொடங்குவது. `g[:14]`-ஐ `g[:l4]` என்று அடித்தால் இலக்கணப்படி அதில் குற்றமே இல்லை. `l4` என்பது ஒரு பெயர் என்று பைத்தான் நினைத்துக்கொள்ளும். அந்த வரியை ஓட்டும்போதுதான் அப்படி ஒரு பெயர் இல்லையே என்று கத்தும். அந்த வரி ஓடவே இல்லை என்றால்? ஸ்கிரிப்டில் எண்ணின் நீளம் 15 இல்லாதபோது மட்டும் போகிற ஒரு கிளை இருந்தது. நல்ல பட்டியலைக் கொடுத்துச் சோதித்தால் அந்தப் பக்கமே போகாது. இதற்கு ஓட்டிப் பார்ப்பதை விட, ஓட்டாமலே படித்துப் பார்க்கும் கருவி நல்லது:

```
pip install pyflakes
python -m pyflakes gst.py
```

அது `undefined name 'l4'` என்றும், அந்த ஓடாத கிளையில் இருந்த `undefined name 'l2'` என்றும் இரண்டையும் ஒரே தடவையில் காட்டியது. முதல் வகைப் பிழை ஒன்று மிச்சம் இருந்தாலும் இது அதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும், அதனால் அவற்றைத் தீர்த்த பிறகு ஓட்ட வேண்டும்.

இப்போது ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் ஓடியது, ஆனால் எல்லா எண்ணும் தப்பு என்றது. `l` என்ற பெயர் உண்மையிலேயே இருக்கிறதே! அதனால் ஒன்று வர வேண்டிய இடத்தில் `l` அடித்தாலும், `l % 36` மாதிரி இடத்தில் `l`-க்குப் பதில் ஒன்று அடித்தாலும் எந்தக் கருவியும் வாய் திறக்காது. ஐடிலின் தேடும் பெட்டியில் முழுச் சொல்லாக மட்டும் தேடச் சொல்லி, தனியாக நிற்கும் `l` எல்லாவற்றையும், பிறகு தனியாக நிற்கும் `1` எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எழுபது வரியில் அப்படி அதிகம் இருக்காது. `(i % 2 + l)` என்ற இடத்தில் நின்றேன். `i % 2` ஒரு தடவை 0, அடுத்த தடவை 1. அதோடு ஒன்றைக் கூட்டினால் 1, 2, 1, 2 என்று மாறி மாறிப் பெருக்கும் எண் வரும். ஜிஎஸ்டி கணக்கே அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் கூட்டுத்தொகையைப் பெருக்கும் எண்ணோடு கூட்டுவதில் பொருளே இல்லை. ஆக அது ஒன்று. படத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்திருந்தாலும் இவ்வளவு உறுதியாகத் தெரிந்திருக்காது. கையோடு `l`-ஐ எல்லா இடத்திலும் `total` என்று மாற்றிவிட்டேன்.

சோதிக்க `33ABCDE1234F1Z7` என்ற பொய் எண்ணைக் கொடுத்தேன். கையால் கூட்டினால் 173 வருகிறது, 36-ஆல் வகுத்தால் மீதி 29, 36-இல் கழித்தால் 7. ஸ்கிரிப்டும் 7 என்றது. அப்பாடா என்று முழுப் பட்டியலையும் கொடுத்தேன்.

பாதிக்கு மேல் தப்பு என்றது. பார்த்தால் 07-இல் தொடங்கும் டெல்லி எண்கள் எல்லாம் தப்பு, 09-இல் தொடங்கும் உத்தரப் பிரதேசம் எல்லாம் தப்பு. நம்மூர் 33-இல் சிலது சரி, சிலது தப்பு. வடக்கத்தி எண்களுக்கு ஏதோ தனி விதி இருக்கிறது போல என்று அரை மணி நேரம் அந்தப் பக்கம் தேடி அலைந்தேன். அப்புறம் தப்பு என்று வந்த தமிழ்நாட்டு எண்களைத் தனியாக எடுத்து வரிசையாக அடுக்கியபோதுதான் உறைத்தது. எல்லாவற்றிலும் எங்காவது ஒரு பூஜ்யமோ ஓவோ இருந்தது. என் சோதனை எண்ணில் இரண்டுமே இல்லை, அதனால்தான் அது மட்டும் சமர்த்தாகத் தேறியது.

இரண்டும் இருக்கிற இன்னொரு பொய் எண்ணைச் செய்தேன்: `33ABODL1020F1ZW`. எழுத்தின் இடத்தை வைத்தே எது என்ன என்று சொல்லிவிடலாம் என்பதால் ஜிஎஸ்டி எண்ணில் குழப்பம் குறைவு. முதல் இரண்டும் எண், 3 முதல் 7 வரை எழுத்து, 8 முதல் 11 வரை எண், 12 எழுத்து. கையால் கூட்டினால் 184, மீதி 4, விடை 32, அதாவது `W`. ஸ்கிரிப்டோ `O` என்றது.

அந்தக் காப்பி செய்த வரிதான். ஆப் முதல் எழுத்தைப் பூஜ்யமாக எடுக்காமல் `"O123456789ABC..."` என்று கொடுத்திருந்தது. மேற்கோளுக்குள் இருப்பது வெறும் எழுத்துச் சரம், அதில் எது இருந்தாலும் பைத்தானுக்குச் சம்மதம். இப்போது `find("O")` 24 தருவதற்குப் பதில் 0 தருகிறது. பூஜ்யமோ சரத்திலேயே இல்லை, அதனால் `find("0")` தருவது -1. பைத்தானில் -1-ஐ 36-ஆல் வகுத்தால் ஈவு -1, மீதி 35. கூட்டினால் 34. இப்படி ஓவுக்கு 24 குறைந்து, இரண்டு பூஜ்யங்களுக்கும் 34, 34 கூடி, 184 என்பது 228 ஆகிவிட்டது. 228-க்கு மீதி 12, விடை 24, `O`. கணக்கு அச்சாகப் பொருந்தியது.

`find` இல்லாமல் `index` என்று எழுதியிருந்தால், கிடைக்காத எழுத்துக்கு -1 தராமல் அங்கேயே பிழை சொல்லி நின்றிருக்கும். அதையும் மாற்றினேன். இந்த மாதிரிச் சரத்துக்கு ஒரு வரிச் சோதனையும் உண்டு:

```python
print(len(ALPHA), len(set(ALPHA)))
```

சரியானதற்கு `36 36` வரும். என்னுடையதற்கு `36 35` வந்தது, ஓ இரண்டு தடவை இருப்பதால். நீளம் மட்டும் பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன்.

மீதி இருந்த சரங்களுக்கு, அதாவது ஃபைல் பெயர், தலைப்பு வரி மாதிரி எந்தக் கணக்கும் காப்பாற்றாத இடங்களுக்கு, கடைசியில் கண்தான். ஆனால் வெறும் கண் அல்ல. நான் அடித்ததை ஐடிலில் அதே எழுத்துரு, அதே அளவில் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். அதை என் இன்னொரு நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி இறக்கினேன். அதுவும் அண்ணன் படத்தைப் போலவே சுருங்கி மங்கலாக வந்தது. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, அம்புக்குறி பட்டனால் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே மாதிரி இருக்கும் வரிகள் அசையாமல் நிற்கும், வித்தியாசமான எழுத்து மட்டும் துடிக்கும். ஒரு ஃபைல் பெயரில் ஓ துடித்தது, பூஜ்யமாக்கினேன், நின்றுவிட்டது. ஒன்று, எல் மட்டும் இந்த வழியில் அவ்வளவு தெளிவாகப் பிடிபடவில்லை. சந்தேகமான இடத்தில் அதே படத்தில் உள்ள `else`-இல் உள்ள `l`-ஐயும், 2017-இல் உள்ள `1`-ஐயும் வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முழுப் பட்டியலும் மறுபடி ஓடியது. இந்தத் தடவை தப்பு என்று வந்தவை மூன்றே. அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எட்டாவது இடத்தில் எண் இருக்க வேண்டும், ஓ இருந்தது. சப்ளையர் பில்லைப் பார்த்து எக்செலில் அடித்தது யார் என்று சார் கேட்டார். நான்தான்.