அடி மதகைத் திறந்தால் பாசி போகுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஒரு அணையிலிருந்து குடிநீர் எடுக்கும் திட்டத்தில், நீர்ப் பரிசோதனை என் வேலை. அந்த வருடம் சித்திரை பிறந்ததும் அணையின் மேல்பரப்பு பச்சையாகிவிட்டது. பெயின்ட் கொட்டியது போல, காற்றடிக்கும் திசையில் கரையோரம் கெட்டியாக ஒதுங்கியிருந்தது. அணைக்குள்ளிருந்து தண்ணீர் எடுக்கும் எங்கள் இன்டேக் கோபுரத்தில் மூன்று மட்டங்களில் மதகுகள் உண்டு. பாசி மேலே மிதக்கிறது, அதனால் அடி மதகிலிருந்து எடுத்தால் நல்ல தண்ணீர் வரும் என்று முடிவெடுத்து, மேல் மதகை மூடிவிட்டு அடி மதகைத் திறந்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

பத்து நாளில் புகார்கள் வரத் தொடங்கின. குழாயில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கிறது, வெள்ளைத் துணி கறைபடுகிறது என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், சுத்திகரிப்பு நிலையத்தை விட்டு வெளியேறும்போது அதே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையில் குழாய் உடைந்து மண் கலக்கிறதா என்று இரண்டு நாள் தேடினார்கள். காரணம் குழாயில் இல்லை, அணைக்குள் இருந்தது.

ஒரு விடியற்காலையில் பரிசலில் போய், அணையின் ஆழமான இடத்தில் மீட்டருக்கு ஒரு அளவாக வெப்பநிலையையும் ஆக்சிஜனையும் எடுத்தோம். விடியற்காலை என்பது முக்கியம். மதியம் மூன்று மணிக்குப் போனால், வெயிலில் மேல் ஒரு மீட்டர் மட்டும் சூடேறி, அங்கேயே ஒரு அடுக்கு இருப்பது போலக் காட்டும். அது ராத்திரி கலைந்துவிடும். ராத்திரியைத் தாண்டி நிற்பதுதான் உண்மையான அடுக்கு. மேல்பரப்பில் 29 டிகிரி சொச்சம். ஏழு மீட்டர் வரை கிட்டத்தட்ட அதே அளவு. அடுத்த மூன்று மீட்டருக்குள் இரண்டு டிகிரி குறைந்தது. அதற்குக் கீழே மெதுவாக இறங்கி, தரையில் 26-ஐ ஒட்டி நின்றது.

மூன்று டிகிரி வித்தியாசத்தில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து நிற்குமா என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். குளிர்நாட்டு ஏரிகளில் மேலே 20, கீழே 5 என்று இருப்பதைப் பாடத்தில் படித்திருப்பார்கள். ஆனால் தண்ணீரின் அடர்த்தி எல்லா வெப்பநிலையிலும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. 4-லிருந்து 5 டிகிரிக்குப் போனால் ஒரு கன மீட்டர் தண்ணீர் வெறும் 8 கிராம்தான் இலேசாகிறது. 29-லிருந்து 30-க்குப் போனால் சுமார் 300 கிராம் இலேசாகிறது. அதனால் நம் ஊர் வெப்பத்தில் மூன்று டிகிரி என்பது பலமான தடை. மாலைக் காற்று மேலடுக்கைக் கலக்கிவிடும், அந்தத் தடையைத் தாண்டிக் கீழே இறங்காது.

இறங்காவிட்டால் கீழே ஆக்சிஜன் போகாது. மேலே செத்த பாசியும் ஆறு அடித்து வந்த இலை தழையும் கீழே விழுந்துகொண்டே இருக்கும். 26 டிகிரி வெதுவெதுப்பில் பாக்டீரியாக்கள் அவற்றை வேகமாகச் சிதைத்து, இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதோடு, சூடான தண்ணீர் ஆரம்பத்திலேயே குறைவான ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். 5 டிகிரியில் லிட்டருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் கரையும், 28-இல் 8-ஐக்கூடத் தொடாது. கையிருப்பு குறைவு, செலவு அதிகம்.

அடியில் ஆக்சிஜன் இல்லை என்று மீட்டர் காட்டியதை மட்டும் நம்பாமல், பழைய முறையிலும் சோதித்தோம். மாதிரியைக் காற்றுப் படாமல் குப்பியில் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் சேர்த்த அயோடைடும் விட்டால், ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் பழுப்பு வீழ்படிவு வரும். மேல் மாதிரியில் நல்ல பழுப்பு. அடி மாதிரியில் வெள்ளையாகவே நின்றது. அடித் தண்ணீரைக் குப்பியில் நிரப்பும்போதே அழுகிய முட்டை வாடை. பரிசல் ஓட்டிய அண்ணன், “இந்த ஆழத்துல வலை போட்டா ஒரு மீனும் சிக்காது சார், அதான் நாங்க மேலாப்புல போடுறது” என்றார். மீட்டர் இல்லாமலே அவர்களுக்கு அந்த எல்லை தெரிந்திருக்கிறது.

குழாயில் வந்த பழுப்புக்கும் இதுதான் விடை. ஆக்சிஜன் இருக்கும்வரை வண்டலில் மாங்கனீசு கெட்டியான ஆக்சைடாகக் கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் அது கரைந்து தண்ணீருக்குள் வரும். கரைந்த மாங்கனீசுக்கு நிறம் கிடையாது. மணல் வடிகட்டி அதைப் பிடிக்காது. கடைசியில் சேர்க்கும் குளோரின் அதை மெதுவாக, குழாய் வழியே போகப் போக, திரும்பவும் ஆக்சைடாக்கும். நிலையத்தில் தெளிவாகவும் வீட்டில் பழுப்பாகவும் வந்தது அதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மாங்கனீசு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 0.3 வரை. அடி மதகுத் தண்ணீர் இதைத் தாண்டியிருந்தது.

சரி, வடிகட்டுவதற்கு முன்பே குளோரின் போடலாமே என்றார்கள். எங்கள் பாசி மைக்ரோசிஸ்டிஸ். குளோரினோ மயில்துத்தமோ பட்டால் அதன் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நஞ்சு தண்ணீரில் கலக்கும். உடையாத செல்லை வடிகட்டி பிடித்துவிடும், கலந்த நஞ்சைப் பிடிக்காது. ஆகவே பாசியுள்ள தண்ணீருக்கு முன்குளோரின் ஆபத்து. மாங்கனீசுள்ள தண்ணீருக்கோ அதுதான் மருந்து. இரண்டு தண்ணீரையும் சேர்த்து இழுத்தால் எந்தப் பக்கம் போவது?

நடு மதகு அப்போது ஐந்தரை மீட்டர் ஆழத்தில் இருந்தது. மைக்ரோசிஸ்டிஸ் செல்களுக்குள் வாயுப் பைகள் உண்டு, காற்றில்லாத ராத்திரியில் அது மேலே ஏறிவிடும். எனவே ஐந்தரை மீட்டரில் பாசி குறைவு, ஆக்சிஜன் 6 மில்லிகிராமுக்கு மேல். நடு மதகுக்கு மாற்றினோம். புகார்கள் மெதுவாகக் குறைந்தன. குழாய்ச் சுவரில் படிந்தது வெளியேற இன்னும் சில வாரங்கள் பிடித்தன.

அப்புறம் மே மாதம் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டி மழையோடு சூறைக்காற்று. மறுநாள் விடியலில் மேல்பரப்பிலேயே ஆக்சிஜன் 3-க்குக் கீழே, மீன்கள் வாயைத் திறந்து மேலே வந்து நின்றன. கீழ்த் தண்ணீரில் ஒரு பகுதி மேலே கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மழை பாசியைக் கழுவிவிடும் என்று ஊரில் நம்பினார்கள். அடுத்த வாரம் பச்சை இன்னும் அடர்த்தியானது. இரும்போடு ஒட்டி வண்டலில் கிடந்த பாஸ்பரஸ், ஆக்சிஜன் இல்லாதபோது கரைந்து கீழடுக்கில் சேர்ந்திருந்தது. சூறைக்காற்று அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாசிக்கு உரமாகப் போட்டுவிட்டது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிப் பக்கம் பச்சைப் படலமும் நாற்றமும் என்று செய்தி வரும்போதெல்லாம் பேச்சு மேலே தெரியும் படலத்தோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம். அடி மட்டத்து ஆக்சிஜனையும் யாராவது கேட்க வேண்டும்.

இப்போது மாசி முதல் ஆனி வரை வாரம் ஒருமுறை விடியலில் அளக்கிறோம், மதகை அதைப் பார்த்துத்தான் மாற்றுகிறோம். இதற்கும் எல்லை உண்டு. மதகுகள் கோபுரத்தில் நிலையாக இருக்கின்றன, தண்ணீர் மட்டம்தான் இறங்குகிறது. கடும் கோடையில் நடு மதகு பாசி மிதக்கும் ஆழத்துக்கே வந்துவிடும். அப்போது பாசித் தண்ணீரைத் தொடாமல் அடி மதகுக்கே போகச் சொல்கிறேன். பாசி அங்கே இல்லாததால் முன்குளோரின் போட்டு, குளோரினுக்கு நேரம் கொடுத்து, மாங்கனீசை வடிகட்டியிலேயே பிடிக்கலாம். அதுவும் அழுகிய வாடை வரும் நாளில் குளோரின் தேவை வெகுவாகக் கூடும், கூடுதல் இருப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.