நான்கு கையெழுத்து, ஒரே ஒரு சாட்சி: அப்பாவின் உயிலுக்குப் புரொபேட் வாங்கிய கதை

அப்பா 2009இல் எழுதிய உயில், சார்பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி பதிவானது. சீல் இருந்தது, எண் இருந்தது, கடைசிப் பக்கத்தில் நான்கைந்து கையெழுத்துகள் இருந்தன. அதனால் 2022 பிப்ரவரியில் அவர் போன பிறகும் நான் அவசரப்படவில்லை. பதிவு செய்த உயிலை யார் கேள்வி கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மயிலாப்பூர் வீட்டின் மேல் கடன் வாங்க வங்கிக்குப் போனபோதுதான், "புரொபேட் எங்கே?" என்று கேட்டார்கள். உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் புரொபேட்.

சென்னை நகர எல்லைக்குள் இருக்கும் சொத்தைப் பற்றி இந்து ஒருவர் உயில் எழுதியிருந்தால், அதை வைத்து உரிமை கேட்க அப்போது புரொபேட் கட்டாயம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு சொன்னது அது. 2025 டிசம்பரில் அந்தப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எங்கள் காலத்தில் இருந்ததால் உயர் நீதிமன்றத்தின் படி ஏறினோம். அப்பா என்னையே உயிலை நிறைவேற்றுபவளாக எழுதியிருந்தார், ஆகவே மனுதாரர் நான்.

வக்கீல் அம்மா உயிலைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதில் யார் சாட்சி?" என்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு பேர் கையெழுத்து இருக்கிறதே! அவர் பென்சிலால் இரண்டு கையெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டார். அவை பதிவின்போது அப்பாவை அடையாளம் காட்டியவர்களுடையவை. "இவர் இன்னார்தான்" என்று சார்பதிவாளரிடம் சொல்வது மட்டும்தான் அவர்கள் வேலை. பத்திர எழுத்தர் கூட்டி வந்த ஆட்கள், அப்பாவுக்கே அவர்களைத் தெரியாது. உயிலுக்குச் சாட்சி என்பவர், அப்பா கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தவராகவோ, அது தன் கையெழுத்துதான் என்று அப்பா சொல்லக் கேட்டவராகவோ இருக்க வேண்டும். அப்பா முன்னிலையில் தானும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அப்படி இரண்டு பேராவது வேண்டும். பதிவு செய்துவிட்டதால் இந்தத் தேவை மறைந்துவிடாது. உயிலை நிரூபிக்க அந்த இருவரில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்.

எங்கள் உயிலின் இரண்டு சாட்சிகளும் அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள். ஒருவர் கோவிட் சமயத்தில் போய்விட்டார். மற்றவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருந்தார், வயது 82. அவரும் இல்லாமல் போயிருந்தால் அப்பாவின் கையெழுத்தையும் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து நிரூபித்திருக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, ஆனால் ஆள் இருக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு?

கோயம்புத்தூர் மாமாவைப் பார்க்க நானே போனேன். வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்து கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தை மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். "இரு சாட்சிகளும் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றாகக் கையெழுத்திட்டோம்" என்ற வரியில் விரலை வைத்தார். "இது தப்பும்மா. நான் உங்க வீட்டு ஊஞ்சல்ல உக்காந்துதான் போட்டேன். உங்கப்பா போட்டதும் நான் போட்டேன். இன்னொருத்தன் சாயங்காலம் வந்தான், நான் கிளம்பிட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. உடனே வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் சாதாரணமாக, "இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மாமா சொன்னபடியே எழுதுவோம்" என்றார். பழைய வரியோடு தாக்கல் செய்திருந்தால், கூண்டில் மாமா உண்மையைச் சொல்ல, பத்திரம் வேறு கதை சொல்லியிருக்கும். எல்லா ஆபீஸ்களிலும் ஒரே மாதிரிப் படிவத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள் போலிருக்கிறது. சாட்சியைப் படிக்கவைத்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது மதிப்பீடு. இங்கேதான் என் தாமதத்துக்கு விலை கொடுத்தேன். மனுவோடு இரண்டு பட்டியல்கள் வைக்க வேண்டும்: ஒன்றில் சொத்துகளும் அவற்றின் மதிப்பும், மற்றதில் கழிக்க வேண்டிய கடன்களும் ஈமச்செலவும். அதன் ஒரு பிரதி கலெக்டருக்கும் போகும். மதிப்புக் குறைவாகத் தெரிந்தால் அவர்கள் விசாரிக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இந்த மதிப்பை வைத்துத்தான். இறந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால் இறந்த தேதியின் சந்தை மதிப்பு; வருடம் தாண்டினால் மனு போடும் தேதியின் மதிப்பு.

நாங்கள் மனு போட்டது 2023 ஜூனில். 2017இல் 33 சதவீதம் குறைத்திருந்த வழிகாட்டி மதிப்பை, 2023 ஏப்ரலில்தான் பதிவுத்துறை பழைய நிலைக்கு உயர்த்தியிருந்தது. எங்கள் தெருவில் சதுர அடி 6,000 என்று இருந்தது 9,000 ஆகிவிட்டது. மனை அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. முன்பு 72 லட்சம், இப்போது 1 கோடியே 8 லட்சம். பழைய கட்டடத்துக்கு இன்ஜினியர் தேய்மானம் போட்டு 6 லட்சம் என்று சான்று கொடுத்தார். ஆக மொத்தம் 1 கோடியே 14 லட்சம்.

நான் இந்த முழுத் தொகையையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வக்கீல் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார். அதில் அம்மா பெயரும் இருந்தது! வீடு இருவரும் சேர்ந்து வாங்கியது, அப்பா உயிலில் கொடுக்கக்கூடியது தன் பாதியை மட்டும்தான். ஆக 57 லட்சம். அதோடு அவர் பெயரில் இருந்த வைப்புத்தொகை 4,20,000. அதற்கு அம்மா நாமினி என்பதால் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, அது அப்பாவின் சொத்துப் பட்டியலில் வரத்தான் வேண்டும் என்றார். கூட்டுறவுச் சங்கக் கடன் பாக்கி 1,40,000, ஈமச்செலவு 60,000 போக நிகரம் 59,20,000. ஒரு வருடத்துக்குள் போயிருந்தால் இதே கணக்கு 41,20,000இல் நின்றிருக்கும். பதினெட்டு லட்சம் கூடுதல் மதிப்புக்குக் கட்டணம் கட்டினேன்.

மற்றதெல்லாம் பெரிய கதை இல்லை. அம்மாவும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று பத்திரம் கொடுத்தார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று நாளிதழில் விளம்பரம் வந்தது. யாரும் கேவியட் என்ற ஆட்சேபணை மனுவைப் போடவில்லை; போட்டிருந்தால் மனு வழக்காக மாறி வருடக்கணக்கில் இழுத்திருக்கும்.

உயர் நீதிமன்றத்தில் சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரியான மாஸ்டர் முன்னால் சாட்சியம் என்றதும் மாமா ரயிலில் வந்து இறங்கினார். அசல் உயிலைக் காட்டி, "இது யார் கையெழுத்து? போடும்போது பார்த்தீர்களா? நீங்கள் போடுவதை அவர் பார்த்தாரா? அப்போது அவர் புத்தித் தெளிவோடு இருந்தாரா?" என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு மாமா, "எனக்குக் காபியில் சர்க்கரை பத்தலைன்னு அவனே எழுந்து போய் எடுத்துட்டு வந்தான் சார்" என்றார். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆம், தெளிவாக இருந்தார்" என்று அடித்துக்கொண்டார்.

மனு போட்ட பதினோராவது மாதம், உயிலின் நகலும் நீதிமன்ற முத்திரையும் சேர்ந்த புரொபேட் கைக்கு வந்தது. வங்கிக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அதன் பிறகும் வேலை பாக்கி இருந்தது: ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் அடைத்த ரசீதுக்கு வேறு அலைந்தேன்.